வலி மாத்திரை, குவார்ட்டர், தூக்க மாத்திரை: சேர்ந்தால் மூச்சு ஏன் நிற்கிறது? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“சிஸ்டர், டேபென்டடால் போட்டா அவருக்கு ஒண்ணும் ஆகாது. குவார்ட்டர் அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. ரெண்டும் சேர்ந்த அன்னைக்கு மட்டும் ஏன் இப்படி ஆச்சு?”

அவசரப் பிரிவின் வாசலில் நிற்கும் குடும்பத்தார் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். காசிமேட்டில் வலை இழுப்பவர், தண்டையார்பேட்டையில் மூட்டை தூக்குபவர், எண்ணூர் பக்கம் லாரி ஓட்டுபவர் என்று இடுப்பு வலிக்கு மாத்திரை போடுகிறவர்கள் இங்கே ஏராளம். அவர்களில் பலர் குடிக்கவும் செய்கிறார்கள். அதனால் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறேன்.

மூச்சு விடுவதை நாம் நினைத்துச் செய்வதில்லை. மூளையின் அடியில், கழுத்துக்குச் சற்று மேலே, முகுளம் என்ற பகுதி இருக்கிறது. அதற்குள் ஒரு சிறு நரம்புக் கூட்டம் மூச்சின் தாளத்தைப் போடுகிறது. 1991-இல் அடையாளம் காணப்பட்ட அந்த இடத்தை பிரீபோட்சிங்கர் பகுதி என்கிறார்கள். அந்தத் தாளத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று தீர்மானிப்பது பெரும்பாலும் இரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு. அது கொஞ்சம் ஏறினாலே முகுளம் உணர்ந்துகொண்டு, “இன்னும் ஆழமா இழு, வேகமா இழு” என்று கட்டளை கொடுக்கும்.

அபின் வகை வலி மாத்திரைகள், அதாவது மார்பின், டிரமடால், டேபென்டடால் போன்றவை, இந்தத் தாளத்தையே மெதுவாக்குகின்றன. கரியமில வாயு ஏறுவதை உணரும் கூர்மையையும் மழுங்கடிக்கின்றன. மது, தூக்க மாத்திரை இரண்டும் வேறு வழியில் போகின்றன. மூளைக்குள் காபா என்று ஓர் இரசாயனம் நரம்புகளை அடக்கி வைக்கிறது. இவை அதன் பலத்தைக் கூட்டுகின்றன. அதனால் நெஞ்சுத் தசையும் தொண்டைத் தசையும் தளர்கின்றன, ஒவ்வொரு மூச்சும் சிறிதாகிறது, விழிப்பும் போகிறது.

ஒன்று மட்டும் உள்ளே போனால், அது கெடுத்ததை உடம்பு வேறு வழியில் சரிக்கட்டிக்கொள்ளும். தாளம் குறைந்தால் ஆழத்தைக் கூட்டும், ஆழம் குறைந்தால் தாளத்தைக் கூட்டும். “ஒண்ணும் ஆகல” என்று நீங்கள் நினைத்த நாட்களில் எல்லாம் உள்ளே இந்த ஈடுகட்டல்தான் நடந்துகொண்டிருந்தது. வலையின் இரண்டு முனையையும் இருவர் இழுக்கும்போது ஒருவர் தளர்ந்தால் மற்றவர் அதிகமாக இழுத்துச் சமாளிப்பார். இருவருமே தளர்ந்துவிட்டால் வலை கைநழுவிப் போகும். மாத்திரையும் மதுவும் சேர்ந்த இரவில் நடந்தது அதுதான்.

“ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுதானே சிஸ்டர்? பாதிப்பு ரெண்டு மடங்காகும், அதுக்கு மேல எப்படிப் போகும்?”

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். கீழே உள்ள எண்கள் ஒரு சராசரி ஆளை மனதில் வைத்து நான் எடுத்துக்கொண்ட உதாரணம். ஆளுக்கு ஆள் மாறும், போக்கு மாறாது.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 14 தடவை மூச்சு விடுகிறார், ஒவ்வொன்றிலும் 500 மில்லி காற்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 500-உம் முழுதாகப் பயன்படாது. சுமார் 150 மில்லி மூக்கிலும் தொண்டையிலும் குழாய்களிலும் நின்று, இரத்தத்தைத் தொடாமலே திரும்பிவிடும். மிச்சம் 350 மில்லிதான் வேலை செய்யும் காற்று. 14 தடவைக்கு 4,900 மில்லி. அப்போது இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 40 என்ற இயல்பான அளவில் நிற்கும்.

இப்போது வலி மாத்திரை மட்டும் போட்டிருக்கிறார். தாளம் 9 ஆகக் குறைகிறது. உடம்பு அதைப் பார்த்து ஒவ்வொரு மூச்சையும் 600 மில்லியாக ஆழப்படுத்துகிறது. 150 போக 450, ஒன்பது தடவைக்கு 4,050 மில்லி. நட்டம் 850. கரியமில வாயு சுமார் 48-க்கு ஏறும். ஆள் மந்தமாக இருப்பார், ஆனால் தாங்கிக்கொள்வார்.

இன்னொரு நாள், அடக்கும் பொருள் மட்டும் போகிறது. அது மதுவாகவும் இருக்கலாம், தூக்க மாத்திரையாகவும் இருக்கலாம். ஒவ்வொரு மூச்சும் 350 மில்லியாகச் சுருங்குகிறது. உடம்பு தாளத்தை 20 ஆக்கிச் சமாளிக்கிறது. 150 போக 200, இருபது தடவைக்கு 4,000 மில்லி. நட்டம் 900. கரியமில வாயு 49. இதுவும் தாங்கக்கூடியதுதான்.

சும்மா கூட்டினால் இரண்டு நட்டமும் சேர்ந்து 1,750. மிச்சம் 3,150 மில்லி இருக்க வேண்டும். கரியமில வாயு 62 அளவில் நின்றிருக்கும். தூக்கக் கலக்கம், தலைவலி என்று போயிருக்கும், ஆள் பிழைத்திருப்பார்.

ஆனால் நடப்பது அது இல்லை. தாளத்தை 20-க்குக் கூட்ட முடியாது, ஏனென்றால் வலி மாத்திரை அதை 9-இல் பிடித்து வைத்திருக்கிறது. ஆழத்தை 600 ஆக்கவும் முடியாது, மது அதை 350-இல் பிடித்து வைத்திருக்கிறது. 150 போக 200, ஒன்பது தடவைக்கு வெறும் 1,800 மில்லி. நட்டம் 3,100. கூட்டல் கணக்கு சொன்னதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இந்த 1,800-இலேயே தொடர்ந்தால் கரியமில வாயு 109 வரை ஏற வேண்டும். அந்த நிலைக்கு ஆள் போய்ச் சேரவே மாட்டார். நுரையீரலின் காற்றறையில் இருப்பது ஒரே இடம், கரியமில வாயு ஏற ஏற ஆக்ஸிஜனுக்கு இடம் இருக்காது. இயல்பாக அங்கே ஆக்ஸிஜன் அழுத்தம் 100. கரியமில வாயு 62 ஆனால் அது 72 அளவுக்கு இறங்கும். 109 ஆனால் கணக்குப்படி 14. உயிர் அதற்கு முன்பே போய்விடும்.

அதனால்தான் மருந்தியலில் இதைக் கூட்டல் என்று சொல்வதில்லை, பெருக்கம் என்கிறார்கள். பாதிப்பு மட்டும் கூடவில்லை, அதைச் சமாளிக்கும் வழியும் கூடவே அடைபடுகிறது.

“இதெல்லாம் பேப்பர் கணக்கு. மனுஷங்களை வச்சு யாராவது பார்த்திருக்காங்களா?”

பார்த்திருக்கிறார்கள். 1990-இல் மயக்கவியல் மருத்துவர்கள் 12 ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் செய்த ஒரு சோதனை பிரசித்தம். மிடசோலம் என்ற தூக்க மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது மூச்சில் குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் இல்லை. ஃபென்டனில் என்ற அபின் வகை மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது 6 பேருக்கு ஆக்ஸிஜன் இறங்கியது, ஆனால் யாருக்கும் மூச்சு நிற்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 11 பேருக்கு ஆக்ஸிஜன் இறங்கியது, 6 பேருக்கு மூச்சே நின்றது. பக்கத்தில் மருத்துவர்களும் கருவிகளும் இருந்ததால் உடனே கவனித்தார்கள்.

தனித்தனியாக மூச்சை நிறுத்தாத இரண்டு மருந்துகள், சேர்ந்தபோது பாதிப் பேருக்கு நிறுத்தின. பூஜ்ஜியமும் பூஜ்ஜியமும் சேர்ந்து ஆறு வந்தது.

அதே சோதனையில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. என் பார்வையில் அதுதான் முக்கியம். கரியமில வாயுவை உணரும் கூர்மை, ஃபென்டனில் மட்டும் கொடுத்தபோது எவ்வளவு மழுங்கியதோ, சேர்த்துக் கொடுத்தபோதும் அவ்வளவுதான் மழுங்கியிருந்தது. அப்படியானால் மூச்சு நிற்கும்படி கூடுதலாகப் பறிபோனது எது? விழிப்பு. அபின் வகை மருந்து மட்டும் உள்ளே இருக்கும் ஆளிடம், “அண்ணா, மூச்சை இழுங்க” என்று சத்தமாகச் சொன்னால் இழுப்பார். சொல்வதை நிறுத்தினால் அவரும் நிறுத்துவார். அறுவை சிகிச்சை முடிந்த வார்டில் இதை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். முகுளம் மந்தமானாலும், விழித்திருக்கும் மூளை மேலிருந்து ஒரு தள்ளு கொடுத்துக்கொண்டே இருக்கிறது. தூக்க மாத்திரையும் மதுவும் பறிப்பது அந்தத் தள்ளைத்தான்.

“எந்தெந்தப் பொருள் எல்லாம் இந்தக் கணக்குல வரும்?”

அபின் வகையில் டேபென்டடால், டிரமடால், கோடீன் கலந்த இருமல் டானிக், மார்பின், ஹெராயின். அடக்கும் வகையில் எல்லா மதுவும், அல்ப்ரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், குளோனசிபாம். ஒரு பக்கத்தில் ஒன்று, மறு பக்கத்தில் ஒன்று சேர்ந்தால் இந்தப் பெருக்கம் நடக்கும். நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின், காபாபென்டின் மாத்திரைகளும் அபின் வகையோடு சேர்ந்தால் மூச்சைக் குறைக்கும். இந்த மாத்திரைகள் மேல் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. சர்க்கரை நோயால் கால் எரிகிறது என்று பெரியவர்கள் பலர் தினமும் போடுகிறார்கள்.

அபின் வகையையும் தூக்க மாத்திரையையும் சேர்ப்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்து அட்டையிலேயே அச்சிட வைத்தது. இந்தியாவில் 2018-இல் டிரமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது.

பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற சாதாரண வலி மாத்திரைகள் இதில் சேராது. அவை மதுவோடு சேர்ந்தால் கல்லீரலுக்கும் வயிற்றுக்கும் கெடுதல் உண்டு, மூச்சை அடக்குவதில்லை.

“ராத்திரி பத்தரை மணிக்குக்கூட நல்லாத்தான் பேசிட்டு சாப்பிட்டாரு. தூங்கப் போனவரு எப்படி சிஸ்டர்?”

இந்தக் கேள்வியைக் கேட்கும் மனைவிமார்களுக்கு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதையும் கவனிக்காமல் விடவில்லை. அந்த நேரத்தில் கவனிக்க எதுவும் இருந்திருக்காது.

ஒரு மாதிரிக் கதையை எடுத்துக்கொள்வோம். இரவு 9 மணிக்கு இடுப்பு வலிக்கு டேபென்டடால். 9.30-க்குக் குவார்ட்டர். 10.30-க்குச் சாப்பாடு, பேச்சு, சிரிப்பு. தூக்கம் வரவில்லை என்று மாமியாருடைய டப்பாவிலிருந்து ஓர் அல்ப்ரசோலம். 11 மணிக்குப் பாய்.

டேபென்டடால் இரத்தத்தில் உச்சத்துக்கு வர ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஆகும். மது அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வரும், வயிற்றில் சாப்பாடு இருந்தால் இன்னும் தாமதம். அல்ப்ரசோலம் ஒன்று முதல் இரண்டு மணி நேரம். ஆக 10.30-க்குப் பேசிக்கொண்டிருந்தபோது மூன்றாவது பொருள் வேலையையே தொடங்கவில்லை. அது உச்சத்துக்கு வரும் 11.30-இலிருந்து 12.30-க்குள் மற்ற இரண்டும் இன்னும் இறங்கி முடியவில்லை. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று விழும் அந்த ஒரு மணி நேரத்தில் அவர் இருட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

தூக்கமே நான்காவது ஆளாக வந்து சேர்கிறது. மருந்தே இல்லாத ஆளுக்கும் தூங்கும்போது மூச்சு கொஞ்சம் குறையும், கரியமில வாயு சில புள்ளிகள் ஏறும். நாக்குத் தளர்ந்து பின்னால் சரியும். பேச்சுச் சத்தம், வெளிச்சம், பக்கத்தில் ஒருவர் தொடுவது என்று விழிப்பைத் தாங்கிக்கொண்டிருந்த எல்லாமே நின்றுவிடும். பேசிக்கொண்டிருந்தவரைப் பிடித்து வைத்திருந்தது அந்த விழிப்புதான்.

மெதுவாகக் கரையும் வகை டேபென்டடால் மாத்திரைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. மதுவோடு போட்டால் இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிட ஏறிவிடலாம். அந்த அட்டையில் மது கூடவே கூடாது என்று எழுதியிருப்பது இதனால்தான்.

“மாத்திரை நேத்து போட்டது. இன்னைக்குக் குடிச்சா பரவாயில்லையா?”

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. அல்ப்ரசோலம் பாதியாகக் குறையவே சராசரியாக 11 மணி நேரம் ஆகும். நேற்று இரவு போட்டதில் கால் பங்கு இன்று இரவும் உள்ளே இருக்கும். வயதானவர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் இன்னும் அதிகம். டயசிபாம் உடைந்து உண்டாகும் பொருட்களும் அதே வேலையைச் செய்யும், அவை நாட்கணக்கில் தங்கும். தினமும் போடுகிறவர் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். தூக்கம் தெளிந்துவிட்டது என்பதை வைத்து மருந்து போய்விட்டது என்று முடிவு கட்ட முடியாது.

“வருஷக்கணக்கா ரெண்டும் போடுறேன். என் உடம்புக்குப் பழகிப்போச்சு.”

பழகியது உண்மைதான், ஆனால் பழகியது எது என்று பார்க்க வேண்டும். அபின் வகை மருந்து தரும் மிதப்பு சீக்கிரம் பழகிவிடும், பிறகு அதே மிதப்புக்கு அதிகம் வேண்டியிருக்கும். மூச்சைக் குறைக்கும் பாதிப்பு அவ்வளவு வேகமாகவும் முழுதாகவும் பழகுவதில்லை. ஆகவே வருடம் போகப் போக, “போதும்” என்று தோன்றும் அளவுக்கும் மூச்சு நிற்கும் அளவுக்கும் இடையில் இருக்கும் தூரம் குறைந்துகொண்டே வருகிறது. உங்களுக்கு அது தெரியாது, உணர்வில் எந்த மாற்றமும் இருக்காது.

சில வாரம் நிறுத்தியவர்களைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த பயம். மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில நாட்கள், அல்லது மஞ்சள் காமாலை என்று மருத்துவமனையில் படுத்துத் திரும்பிய வாரம். பழகிய உடம்பு அதற்குள் பழகாத உடம்பாக மாறியிருக்கும். கைமட்டும் பழைய அளவையே எடுக்கும். நெஞ்சுச் சளி பிடித்த நாளும் அப்படித்தான், நுரையீரலில் ஏற்கெனவே இடம் குறைவு.

“குறட்டை விட்டு நல்லா தூங்குறான், விடு, காலைல தெளிஞ்சிடும்னு எல்லாரும் சொன்னாங்க.”

தயவுசெய்து இதை மட்டும் நம்பாதீர்கள். மாத்திரையும் மதுவும் சேர்ந்த ஒருவரிடமிருந்து வரும் அந்தச் சத்தம் தூக்கத்தின் சத்தமாக இருக்காது, தொண்டை அடைபடும் சத்தமாக இருக்கும். நாக்கைப் பிடித்து வைத்திருக்கும் தசை தளர்ந்து, காற்று போகும் வழி கீறலாகச் சுருங்கியிருக்கிறது.

வித்தியாசம் இப்படித் தெரியும். சாதாரணக் குறட்டை ஒரே சீராக வரும், தோளைத் தட்டினால் முனகிக்கொண்டு திரும்பிப் படுப்பார். ஆபத்தான குறட்டை ஈரமாக, களகளவென்று, தண்ணீருக்குள் ஊதுவது போலக் கேட்கும். நடுவில் பத்து, பதினைந்து நொடி எந்தச் சத்தமும் இருக்காது. பிறகு திடீரென்று ஒரு பெரிய இழுப்பு வரும். பக்கத்தில் உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 10-க்குக் கீழ் இருந்தால் அவசரம். பேரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். கண் திறக்கவில்லையென்றால் நெஞ்செலும்பின் நடுவில் விரல் முட்டியை வைத்து அழுத்தித் தேயுங்கள். அது நன்றாக வலிக்கும். அதற்கும் எழவில்லையென்றால் அவர் தூங்கவில்லை.

நீலம் பாய்ந்திருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தால் நம் நிறத்தில் தெரியாது. கீழுதட்டை மடித்து உள்பக்கம் பாருங்கள், நகத்தடி பாருங்கள். சாம்பல் படிந்தாற்போல் இருந்தால் நேரமில்லை என்று அர்த்தம். அபின் வகை மருந்து உள்ளே இருந்தால் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். ஆனால் கலப்பில் அப்படியே இருக்க வேண்டும் என்றில்லை, ஆகவே கண்மணி பெரிதாக இருக்கிறது என்று ஆறுதல் அடைய வேண்டாம்.

“கொரோனா சமயத்துல வாங்கின ஆக்ஸிமீட்டர் இருக்கு. விரல்ல மாட்டினா 94 காட்டுச்சு. அதை நம்பலாமா?”

அது கீழே காட்டினால் நம்புங்கள், மேலே காட்டினால் நம்பாதீர்கள். இரத்தம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்திருக்கும் விதம் அப்படி. நுரையீரலில் ஆக்ஸிஜன் அழுத்தம் 100-இலிருந்து 72-க்கு இறங்கினாலும் திரையில் ஆக்ஸிஜன் எண் 98-இலிருந்து 94 அளவுக்குத்தான் வரும். அழுத்தம் 60-க்கு வரும்போது 90. அதற்குக் கீழே சறுக்குப்பாதை, கொஞ்சம் இறங்கினாலும் எண் மளமளவென்று விழும். 94 என்ற எண் சமவெளியின் விளிம்பைக் காட்டுகிறது. கரியமில வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அந்தக் கருவியால் காட்டவே முடியாது.

வீட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறவர்கள் மாஸ்க்கை மாட்டிவிட்டு 99 பார்த்து நிம்மதியாவதையும் கண்டிருக்கிறேன். ஆக்ஸிஜன் கொடுப்பது நல்லதுதான், கிடைத்தால் கொடுங்கள். ஆனால் அதற்குப் பிறகு எண்ணை விட்டுவிட்டு மூச்சை எண்ணுங்கள். எண் 99 இருக்கும்போதே மூச்சு 6-க்கு இறங்கலாம்.

“108 வர்றதுக்குள்ள நாங்க என்ன பண்றது?”

முதலில் 108-ஐக் கூப்பிட்டு, “மூச்சு சரியா வரல, எழுப்ப முடியல” என்று இந்த இரண்டையும் சொல்லுங்கள். “குடிச்சிட்டு விழுந்துட்டாரு” என்று தொடங்க வேண்டாம், மூச்சுதான் அவசரம். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை சந்துகளுக்குள் வண்டி நுழையாது, ஒருவர் முனையில் போய் நின்று வழிகாட்டட்டும்.

மூச்சு மெதுவாக இருக்கிறது அல்லது நின்றுவிட்டது, ஆனால் நாடி இருக்கிறது என்றால் செய்ய வேண்டியது மூச்சுக் கொடுப்பதுதான். மல்லாக்கப் படுக்க வையுங்கள். நெற்றியில் ஒரு கை, தாடையின் கீழ் இரண்டு விரல். தலையைப் பின்னால் சாய்த்துத் தாடையைத் தூக்குங்கள். சரிந்த நாக்கு விலகி, பல சமயம் இதிலேயே காற்று போகத் தொடங்கிவிடும். போகவில்லையென்றால் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு எழும்பும் அளவுக்கு மட்டும் ஊதுங்கள். 5 அல்லது 6 நொடிக்கு ஒன்று. இங்கே இதயம் நிற்பது கடைசியில்தான், முதலில் நிற்பது மூச்சு. நீங்கள் காற்றைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் மூளை காப்பாற்றப்படும். ஆக்ஸிஜன் முழுதாக நின்றால் மூளைக்கு இருக்கும் அவகாசம் 4 முதல் 6 நிமிடம்தான். நாடி தெரியவில்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள், 108-இல் பேசுகிறவர் போனிலேயே சொல்லித் தருவார்.

மூச்சு சீராக இருக்கிறது, எழுப்பினால் முனகுகிறார் என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து மேல்காலை மடித்து வையுங்கள். வாந்தி வந்தால் வெளியே போகும். பக்கத்திலேயே உட்காருங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, காப்பி எதையும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் அனிச்சை இல்லாத தொண்டையில் ஊற்றியது நுரையீரலுக்குள் போகும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் அதே ஆபத்து. தலையில் தண்ணீர் கொட்டினால் கண நேரம் கண் திறக்கலாம். அதைத் தெளிந்ததாக எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள்.

“ஏதோ ஒரு ஊசி போட்டா உடனே எழுந்திருவாங்களாமே?”

நலாக்சோன். அபின் வகை மருந்து உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிடும். மதுவையும் தூக்க மாத்திரையையும் அது தொடவே தொடாது. ஆனாலும் கலப்பில் அது உயிரைக் காக்கும். மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள்: 9-இல் பிடித்து வைத்திருந்த தாளம் விடுபட்டால் உடம்பு மறுபடி 20-க்குப் போய்ச் சமாளிக்கும். ஆள் தூங்கிக்கொண்டேதான் இருப்பார், மூச்சு மட்டும் திரும்பிவிடும். நாங்கள் பார்ப்பதும் அதைத்தான், எழுந்து உட்கார வேண்டும் என்பதில்லை.

அதன் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் முடிந்துவிடும். உள்ளே இருக்கும் மாத்திரை அதைவிட நீண்ட நேரம் நிற்கும். ஒரு மணி நேரத்தில் எழுந்து, “நான் வீட்டுக்குப் போறேன்” என்று சண்டை போட்டு ஆட்டோ பிடித்துப் போனவர் வீட்டில் மறுபடி மூச்சுக் குறைந்து விழ முடியும். கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகாதீர்கள். தூக்க மாத்திரையின் வேலையை முறிக்கவும் ஃப்ளூமசெனில் என்று ஒரு மருந்து உண்டு. ஆனால் தினமும் தூக்க மாத்திரை போட்டுப் பழகியவருக்கு அதைக் கொடுத்தால் வலிப்பு வரலாம், அதனால் இப்படிப்பட்ட கலப்பில் மருத்துவர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை.

இதனால்தான் என்ன போட்டார் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறோம். சட்டைப் பையில், தலையணைக்கு அடியில் கிடக்கும் மாத்திரை அட்டையை எடுத்து வாருங்கள். ஸ்டான்லியோ, பக்கத்துத் தனியார் மருத்துவமனையோ, எங்கே போனாலும் அந்த அட்டை பத்து நிமிடப் பேச்சை மிச்சம் பிடிக்கும். போலீஸ் வருமோ என்று பயந்து, “வெறும் சரக்குதான்” என்று சொன்னால் நலாக்சோன் போடும் யோசனையே தாமதமாகும்.

“அம்மாவுக்கு கேன்சர் வலிக்கு மார்பினும், ராத்திரிக்குத் தூக்க மாத்திரையும் டாக்டரே எழுதிக் கொடுத்திருக்காரு. நிறுத்திடவா?”

நிறுத்தாதீர்கள். அவர் இரண்டையும் ஒன்றாகப் பார்த்து, சிறிய அளவில் தொடங்கி, மெதுவாகக் கூட்டியிருப்பார். பல மாதம் தூக்க மாத்திரை போட்டவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், வலி மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலியும் நடுக்கமும் தாங்க முடியாது. போதை மீட்பு மையத்தில் புப்ரினார்பின் வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அதற்குத் தனியாக மூச்சை அடக்குவதில் ஓர் எல்லை உண்டு, தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் அந்த எல்லை உடைந்துவிடும். அதற்காக அதை விட்டுவிட்டால் பழைய பொருளுக்குத் திரும்பும் ஆபத்து அதைவிடப் பெரியது. மையத்தில் மருத்துவரிடம், “இதுவும் போடுறேன்” என்று சொல்லிவிடுங்கள், அளவை அவர் பார்த்துக்கொள்வார். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

மருத்துவர் எழுதியதும் ஆபத்தாவது பெரும்பாலும் இரண்டு மருத்துவர்கள் எழுதும்போதுதான். முதுகு வலிக்கு ஒருவர், தூக்கத்துக்கு இன்னொருவர், ஒருவர் சீட்டை மற்றவர் பார்ப்பதில்லை. எல்லாச் சீட்டுகளையும் ஒரே பையில் வைத்து, எந்த மருத்துவரிடம் போனாலும் மொத்தமாக மேசையில் வையுங்கள். அம்மாவுடைய தூக்க மாத்திரையை வீட்டில் வேறு யாருக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். இரவில் வழக்கத்தைவிட மயக்கமாக இருந்தால், அல்லது மூச்சு 10-க்குக் கீழே போனால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அந்த மருத்துவருக்கே போன் செய்யுங்கள். எழுப்பியும் எழவில்லையென்றால் 108.